லாக்-ஆன் தப்பான எதிரியைப் பிடிக்கிறது, உதவி தேவை

கார்த்தி88: அவசரம் நண்பர்களே. ஞாயிறு நாலு பேருக்கு விளையாடக் கொடுக்க வேண்டும். R3 அழுத்தினால் கண்ணெதிரே நிற்பவனை விட்டுவிட்டு, சில சமயம் திரையிலேயே தெரியாத ஒருவனைப் பிடிக்கிறது. வலது ஸ்டிக்கைத் தள்ளி ஆளை மாற்றினால், பக்கத்தில் இருப்பவனைத் தாண்டி மூன்றாவது ஆளுக்குப் போய்விடுகிறது. எங்கே தப்பு?

நிலா: எந்த எஞ்சின்? எதிரியை எந்தக் கணக்கில் தேர்ந்தெடுக்கிறீர்கள்? "சில சமயம்" என்றால் எப்போது? இதெல்லாம் தெரியாமல் யாரும் எதுவும் சொல்ல முடியாது.

சுதன்: எனக்கும் இதே தொல்லை. எல்டன் ரிங்கில் டிராகனின் தலையைப் பூட்டினால் கேமரா வானத்துக்கும் தரைக்கும் அலைகிறது. பூட்டை விட்டுவிட்டுக் காலை வெட்டுங்கள், அதுதான் வழி.

கார்த்தி88: சுதன், நான் விளையாடவில்லை, விளையாட்டை எழுதிக்கொண்டிருக்கிறேன். கோடோட் 4. முன்பக்கம் 60 டிகிரிக்குள் இருப்பவர்களில் மிக அருகில் இருப்பவனை எடுக்கிறேன்.

பழையகை: தம்பி, கோடோட்டில் முன்பக்கம் என்பது -Z. நீங்கள் `basis.z` என்று எழுதிவிட்டு முதுகுப்பக்கம் தேடிக்கொண்டிருக்கிறீர்கள். ஆவணத்தில் இருப்பதுதான். வெக்டர் கணக்கைப் படித்துவிட்டு லாக்-ஆனில் கை வைத்திருக்கலாம்.

தேன்மொழி: குறி தப்பு என்றால் எப்போதுமே முதுகுப்பக்கம்தான் பிடிக்கும் அண்ணா. அவருக்குச் சில சமயம்தான் நடக்கிறது. கார்த்தி, அந்த 60 டிகிரியை வீரன் பார்க்கும் திசையிலிருந்து அளக்கிறீர்களா, கேமரா பார்க்கும் திசையிலிருந்தா? ஒரு சோதனை செய்யுங்கள். கேமராவைத் திருப்பாமல், வீரனைக் கேமராவை நோக்கி ஓடவிட்டு R3 அழுத்துங்கள்.

கார்த்தி88: ஆமாம்! அப்போது மட்டும்தான் தப்பாகப் பிடிக்கிறது. வீரனின் திசையைத்தான் எடுத்திருந்தேன்.

தேன்மொழி: அதுதான் காரணம். ஆடுபவர் தேர்ந்தெடுப்பது கண்ணால், கண் இருப்பது திரையில். கோணத்தைக் கேமராவின் `-global_transform.basis.z`-இலிருந்து அளந்துவிடுங்கள். "மிக அருகில்" என்பதை மட்டும் நம்பாதீர்கள். திரையின் நடுவில் 8 மீட்டரில் ஒருவன், ஓரத்தில் 5 மீட்டரில் ஒருவன் நின்றால், உங்கள் கணக்கு ஓரத்தில் இருப்பவனைப் பிடிக்கும். ஆடுபவர் நடுவில் இருப்பவனைத்தான் நினைத்திருப்பார். நான் டிகிரியோடு மீட்டரைக் கூட்டி, குறைந்த தொகை வருபவனை எடுக்கிறேன். நடுவில் இருப்பவன் 3 டிகிரி விலகியிருந்தால் 11, ஓரத்தில் இருப்பவன் 25 டிகிரி விலகியிருந்தால் 30. நடு ஆள்தான் கிடைப்பான்.

நிலா: கைக்கெட்டும் தூரத்தில் ஓங்கி நிற்பவனை அந்தக் கூட்டல் விட்டுவிடும். 2 மீட்டருக்குள் வந்தவனுக்கு நான் தனிச் சலுகை தருவேன்.

தேன்மொழி: வாள்சண்டை என்றால் சரி. வில்லுக்கு ஒத்துவராது.

முருகு: ஸ்டிக் தாண்டிப் போவது டெட்ஸோன் பிரச்சினை. கூட்டி வையுங்கள்.

தேன்மொழி: டெட்ஸோனைக் கூட்டினால் லேசாகப் பட்டதற்கே மாறுவது நிற்கும், இது நிற்காது. ஸ்டிக்கைத் தள்ளி விடுவதற்கு 0.2 நொடி ஆகிறது என்று வையுங்கள். 60 ஃபிரேமில் அது 12 ஃபிரேம். ஒவ்வொரு ஃபிரேமிலும் "தள்ளியிருக்கிறதா" என்று கேட்டால் 12 முறை மாறும். ஒரு தள்ளலுக்கு ஒரு மாற்றம், ஸ்டிக் நடுவுக்குத் திரும்பிய பிறகே அடுத்தது:

```gdscript
var x := Input.get_axis("look_left", "look_right")
if armed and absf(x) > 0.7:
    armed = false
    switch_target(signf(x))
elif absf(x) < 0.3:
    armed = true
```

சட்டென்று விட்டால் ஸ்டிக் மறுபக்கமும் கொஞ்சம் துள்ளும். பழைய ஆளுக்கே திரும்பிவிடுகிறது என்றால், மாறியபின் 0.15 நொடி எதையும் கேட்காதீர்கள்.

பழையகை: குறியைப் பற்றி நான் சொன்னது இங்கே பொருந்தவில்லை, சரி. ஆனால் ஒன்று கேட்கிறேன், இவ்வளவு உதவி எதற்கு? ஸ்டிக்கைத் திருப்பிக் குறி பார்ப்பதுதான் திறமை. எல்லாவற்றையும் விளையாட்டே செய்தால் ஆடுபவருக்கு என்ன வேலை?

நிலா: 1998-இல் ஆக்கரினா ஆஃப் டைமில் Z பொத்தானை அழுத்திப் பூட்டினோமே, அது திறமையில்லாத விளையாட்டா? பூட்டு கேமராவைப் பார்த்துக்கொள்ளும். எப்போது விலகுவது, எப்போது வெட்டுவது என்பது நம் கையில்தான் இருக்கும்.

முருகு: துப்பாக்கி விளையாட்டில் அப்படிச் சொல்ல முடியாது. பூட்டிவிட்டால் சுடுவது மட்டும்தான் மிச்சம்.

சுதன்: எனக்கு வலது கட்டைவிரல் முழுதாக மடங்காது. 2020-இல் வந்த லாஸ்ட் ஆஃப் அஸ் இரண்டாம் பாகத்தில் லாக்-ஆன் குறியை அமைப்பில் போட்டுக்கொள்ளலாம். அதனால்தான் என்னால் அதைக் கடைசி வரை ஆட முடிந்தது. வேண்டாதவர் அணைத்துவிடட்டும், எடுத்துவிடச் சொல்லாதீர்கள்.

பழையகை: அமைப்பில் இருப்பதை நான் எதிர்க்கவில்லை. இயல்பாகவே போட்டிருப்பதைத்தான் சொன்னேன்.

கார்த்தி88: ரெண்டும் சரியாகிவிட்டது, தேன்மொழிக்கு நன்றி. இப்போது எதிரி தூணுக்குப் பின்னால் போனதும் பூட்டு விட்டுப்போகிறது.

தேன்மொழி: மறைந்த உடனே விடாதீர்கள், ஒரு நொடி பொறுங்கள். அதற்குள் தெரிந்துவிட்டால் பூட்டு தொடரட்டும். ரேகாஸ்டை எதிரியின் பாதத்துக்கு விடுகிறீர்களா, நெஞ்சுக்கா?

நிலா: கார்த்தி, அதைச் சொல்லுங்கள். பாதம் என்றால் சின்னக் கல்கூட மறைத்துவிடும்.