ஒவ்வொரு ஸ்லைடிலும் "ஸ்வைப் செய்யுங்கள்" என்று போடுவது தொல்லையாகிறது. எதை எடுப்பது, எதை வைப்பது?

கயல்விழி:
வணக்கம். போன் பயன்பாடு பற்றி இன்ஸ்டாகிராமில் எளிய குறிப்புகள் எழுதுகிறேன். எல்லாமே ஒரே பதிவில் பல படங்களைப் பக்கவாட்டில் தள்ளிப் பார்க்கும் கரோசல்தான். என் டெம்ப்ளேட்டில் எல்லா ஸ்லைடின் அடியிலும் ஒரு மஞ்சள் பட்டை வரும். அதில் "மேலும் அறிய ஸ்வைப் செய்யுங்கள் >>>" என்று இருக்கும்.

போன பதிவின் கீழ் ஒருவர், "தள்ளிப் பார்க்கத் தெரியாதா எங்களுக்கு, பக்கத்துக்குப் பக்கம் ஏன் சொல்றீங்க" என்று எழுதியிருந்தார். அந்தக் கருத்துக்கு நிறையப் பேர் லைக் போட்டிருக்கிறார்கள். பட்டையை எடுத்துவிடலாம் என்று நினைத்தால், முதல் ஸ்லைடோடு எல்லோரும் போய்விடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

அடுத்து போடப்போவது இது, மொத்தம் 9 ஸ்லைடு:

1: போனில் இடம் இல்லையா? இதோ 6 வழிகள்!
2: வழி 1. வாட்ஸ்அப் வீடியோக்களை நீக்குங்கள்
3: வழி 2. தேவையில்லாத செயலிகளை நீக்குங்கள்
4: வழி 3. இறக்கிய கோப்புகளைப் பாருங்கள்
5: வழி 4. ஒரே மாதிரியான படங்களை அழியுங்கள்
6: வழி 5. குப்பைத்தொட்டியைக் காலி செய்யுங்கள்
7: (கறுப்புப் பின்னணி, பெரிய எழுத்து) எதையும் அழிக்கும் முன் காப்பு எடுங்கள்!
8: வழி 6. படங்களைக் கணினிக்கு மாற்றுங்கள்
9: பயன்பட்டதா? சேமித்து வையுங்கள்

ஒன்பதிலும் அந்த மஞ்சள் பட்டை உண்டு. எங்கே வைக்கலாம், எங்கே எடுக்கலாம்?

செந்தில்:
எடுக்காதீர்கள். போனுக்குப் புதியவர்கள்தான் இப்படிப்பட்ட பதிவுகளைப் படிக்கிறார்கள். ஒரு படத்துக்குப் பின்னால் இன்னொரு படம் இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது. பட்டையைச் சின்னதாக்கி ஒன்பதிலும் வையுங்கள். ஒருவர் சலித்துக்கொண்டார் என்பதற்காக மற்றவர்களை விட்டுவிட முடியுமா?

நிஷா:
ஸ்வைப் அப் வசதியையே 2021-இல் எடுத்துவிட்டார்களே? இப்போது ஸ்டோரியில் லிங்க் ஸ்டிக்கர்தான் வைக்க வேண்டும். அதில் வரும் எழுத்தை நாமே மாற்றிக்கொள்ளலாம்.

கயல்விழி:
நிஷா, நீங்கள் சொல்வது ஸ்டோரியில் மேலே தள்ளி இணைப்புக்குப் போவது. நான் கேட்பது பதிவில் பக்கவாட்டில் தள்ளுவது பற்றி. லிங்க் ஸ்டிக்கரில் எழுத்தை மாற்றலாம் என்பது எனக்குத் தெரியாது, நன்றி.

இளங்கோ:
கயல்விழி, பத்திரிகைப் பக்க வடிவமைப்பில் தொடங்கி இப்போது கரோசல் மட்டுமே செய்துகொண்டிருக்கிறேன். உங்கள் ஒன்பது ஸ்லைடையும் வரிசையாகப் பார்த்தேன்.

"இதற்கு மேல் ஏதாவது இருக்கிறதா?" என்று வாசகருக்குச் சந்தேகம் வரும் இடத்தில் மட்டும்தான் குறிப்பு தேவை. முதல் ஸ்லைடில் அந்தச் சந்தேகம் நிச்சயம் வரும். ஃபீடில் தனிப் படங்களும் கரோசலும் கலந்து வருகின்றன. மேலே வலது மூலையில் தெரியும் 1/9 சில நொடிகளில் மறைந்துவிடும், படத்துக்குக் கீழே உள்ள புள்ளிகள் மிகச் சிறியவை. அதனால் முதல் ஸ்லைடில் அம்பு வேண்டும் என்று செந்தில் சொல்வது சரி. ஆனால் ஒருவர் இரண்டாவது ஸ்லைடில் நிற்கிறார் என்றால் அவருக்குத் தள்ளத் தெரிந்துவிட்டது. மூன்றில், நான்கில் மறுபடி சொல்லும்போதுதான் அது நச்சரிப்பாகிறது.

சந்தேகம் வரும் இன்னோர் இடம் உங்கள் ஏழாவது ஸ்லைடு. அதுவரை வெள்ளைப் பின்னணி, திடீரென்று கறுப்பு, நடுவில் ஒரே ஒரு பெரிய வரி. பார்த்தவுடன் பதிவு முடிந்தது என்று தோன்றும். எட்டாவது ஸ்லைடைப் பலர் பார்க்காமலே போவார்கள். இங்கே அம்பு போட்டுச் சமாளிக்கலாம், ஆனால் வேண்டாம். ஐந்து வழிகளில் எல்லாவற்றையும் அழிக்கச் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு "அழிக்கும் முன் காப்பு எடுங்கள்" என்பது வாசகருக்கு உதவாது. அதை இரண்டாவது ஸ்லைடுக்குக் கொண்டுபோங்கள். பொய்யான முடிவும் போய்விடும், அம்புக்கும் வேலையில்லை.

ஒன்பதாவதில் உள்ள பட்டையைக் கட்டாயம் எடுத்துவிடுங்கள். அங்கே தள்ளினால் ஒன்றும் வராது. ஒரு தடவை ஏமாந்தவர் உங்கள் அடுத்த பதிவின் அம்பையும் நம்பமாட்டார்.

இனி பட்டையின் தோற்றம். நிறம் நிரப்பிய பட்டையும் அதற்குள் எழுத்தும் இருந்தால் அது பொத்தான் மாதிரி தெரியும். ஆட்கள் அதைத் தட்டுவார்கள், எதுவும் நகராது. இரண்டு முறை தட்டினால் லைக் விழும், அவ்வளவுதான். பின்னணி இல்லாமல், தலைப்பு எழுத்தின் நிறத்திலேயே, கோடாக ஓர் அம்பு போதும். வலப்பக்கம், கீழ் மூன்றிலொரு பகுதியில் வையுங்கள். வலது ஓரத்தின் நடுவில் வேண்டாம். கணினியில் பார்ப்பவர்களுக்கு அந்த இடத்தில் இன்ஸ்டாகிராமே ஓர் அம்பு காட்டுகிறது, இரண்டும் மோதும். வலது மேல் மூலையும் வேண்டாம், 1/9 வந்து மூடிவிடும்.

ஓரத்தோடு ஒட்டியும் வைக்காதீர்கள். 1080க்கு 1350 அளவில் செய்கிறீர்கள் என்று நினைக்கிறேன். சுயவிவரப் பக்கத்தின் கட்டங்கள் 3:4 விகிதத்தில் இருந்தால் இரண்டு பக்கமும் சுமார் 34 பிக்சல் வெட்டுப்படும். பாதி அம்பு தெரிவதைவிட அம்பே இல்லாதது நல்லது. ஓரத்திலிருந்து 80 பிக்சலாவது உள்ளே இருக்கட்டும்.

மரியா:
நான் லிங்க்ட்இன்னில் பிடிஎஃப் ஆவணமாகப் போடுகிறேன். அலுவலக நேரத்தில் கணினியில் பார்ப்பவர்கள் அதிகம். அவர்களுக்கு "ஸ்வைப்" என்ற சொல்லே பொருந்தாது, மவுஸால்தான் சொடுக்குகிறார்கள். அதனால் கையசைவைச் சொல்லும் வார்த்தையை விட்டுவிட்டு, அடுத்த பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதை மட்டும் எழுதுகிறேன். "செலவுக் கணக்கு அடுத்த பக்கத்தில்" என்பது மாதிரி. போனிலும் கணினியிலும் இடிக்கவில்லை.

கயல்விழி:
மரியா சொன்னது பிடித்திருக்கிறது. இளங்கோ சார், அம்பை எடுத்துவிட்டால் 3 முதல் 8 வரை வாசகரை எது நகர்த்தும்? அந்த ஸ்லைடுகள் எல்லாம் "வழி இத்தனை" என்று தனித்தனியாக நிற்கின்றன.

இளங்கோ:
அதுதான் சிக்கலின் வேர். ஒவ்வொரு ஸ்லைடும் தனியாக முடிந்துவிடுவதால்தான் தள்ளுவதற்குப் பட்டை தேவைப்பட்டது. நகர்த்தும் வேலையை வாக்கியத்திடம் கொடுங்கள்.

தமிழில் வினை கடைசியில் வருவது நமக்கு வசதி. "இத்தனையும் அழித்த பிறகும் இடம் கூடவில்லை என்றால்" என்று ஐந்தாவது ஸ்லைடின் கடைசி வரியை நிறுத்துங்கள். படித்தவருக்கு மீதி வேண்டும், விரல் தானாகப் போகும். ஆறாவதில் "அழித்த படங்கள் இன்னும் குப்பைத்தொட்டியில்தான் கிடக்கின்றன" என்று தொடங்குங்கள். அங்கே அம்புக்கு என்ன வேலை?

ஆனால் எல்லா ஸ்லைடையும் பாதி வாக்கியத்தில் நிறுத்தினால் அதுவும் ஒரு தொல்லைதான். இந்தப் பதிவில் இரண்டு இடம் போதும். மற்ற இடங்களில் பொருள் தானாகத் தொடர்ந்தால் சரி. உதாரணமாக, பெரிய கோப்புகளில் தொடங்கிச் சிறியவற்றுக்குப் போகிறீர்கள் என்பதை ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டால், "அடுத்தது எது" என்ற கேள்வி ஒவ்வொரு ஸ்லைடிலும் இருந்துகொண்டே இருக்கும்.

படத்தாலும் செய்யலாம். நான்காவதில் ஒரு கோப்புறையின் ஓவியத்தை வலது விளிம்பைத் தாண்டவிட்டு, மீதியை ஐந்தாவதின் இடது விளிம்பில் தொடருங்கள். இரண்டு ஸ்லைடையும் 2160 அகலமுள்ள ஒரே பலகையில் வரைந்து, 1080-இல் வெட்டினால் கோடு பிசகாது. எழுத்தை மட்டும் அந்த வெட்டுக்கோட்டின் மேல் வைக்காதீர்கள். கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் போய்விட்டால் இரண்டு ஸ்லைடிலும் படிக்க முடியாது.

செந்தில்:
சார், வாக்கியத்தைப் பாதியில் விடுவது எழுத்தைப் படிப்பவர்களுக்குச் சரி. படத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்கு? என் அப்பாவுக்கு அனுப்பினால் முதல் படத்தைப் பார்த்துவிட்டு "நல்லா இருக்கு" என்பார்.

இளங்கோ:
செந்தில், உங்கள் அப்பாவுக்கு முதல் ஸ்லைடின் அம்பு உதவவில்லை என்றால் ஏழாவதின் அம்பு எப்படி உதவும்? அவர் அதுவரை போகவே இல்லையே. அப்படிப்பட்டவர்களுக்காக முதல் ஸ்லைடில் அம்போடு ஒரு சொல்லும் வைக்கலாம், அதை ஒப்புக்கொள்கிறேன். அதன் பிறகு வேண்டாம்.

கயல்விழி:
திருத்திப் பார்த்தேன். பட்டை எங்கும் இல்லை, முதல் ஸ்லைடில் மட்டும் அம்பு.

1: போனில் இடம் நிறைந்துவிட்டதா? படங்களில் கை வைக்க வேண்டாம். அதற்கு முன் பார்க்க வேண்டிய இடங்கள் சில இருக்கின்றன. →
2: ஆனால் அதற்கும் முன் காப்பு எடுத்துவிடுங்கள்.
3: அதிக இடம் பிடிப்பது வாட்ஸ்அப்பாக இருக்கலாம். சேமிப்பிடத்தை நிர்வகிக்கும் பக்கத்துக்குப் போனால் 5 எம்பிக்கு மேற்பட்ட கோப்புகளைத் தனியாகக் காட்டும்.

சரியாக இருக்கிறதா?

இளங்கோ:
முதலாவது நன்றாக வந்திருக்கிறது. "6 வழிகள்" என்று எண்ணிக்கை சொன்னதைவிட, "படங்களில் கை வைக்க வேண்டாம்" என்பதே ஆளை உள்ளே இழுக்கும்.

இரண்டாவதில் ஒரு சிக்கல். முதல் ஸ்லைடைத் தள்ளாமல் கடந்து போனவருக்கு, இன்ஸ்டாகிராம் அதே பதிவைப் பிறகு இரண்டாவது ஸ்லைடிலிருந்து காட்டுவதுண்டு. அவர் முதலில் பார்ப்பது "ஆனால் அதற்கும் முன்" என்ற வரியை. எதற்கு முன் என்று அவருக்குப் புரியாது. அதனால் பாதி வாக்கிய உத்தி முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் இடையில் மட்டும் வேண்டாம். இரண்டாவது தனியாக நின்றாலும் பொருள் தர வேண்டும். "போனில் எதை அழிப்பதானாலும் முதலில் காப்பு எடுங்கள்" என்று வைத்தால், முதலாவதிலிருந்து வருபவருக்கும் ஒட்டும், நேராக வருபவருக்கும் புரியும். அதே காரணத்தால் இரண்டாவதிலும் ஒரு சிறிய அம்பை அனுமதிப்பேன். அங்கே வந்து நிற்பவர் இன்னும் ஒரு தடவைகூடத் தள்ளாதவராக இருக்கலாம்.

கயல்விழி:
இது எனக்குத் தோன்றவே இல்லை. மாற்றிவிடுகிறேன். பட்டையை எடுத்தது பலன் தந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இளங்கோ:
ஒரே பதிவை வைத்துத் தீர்மானிக்காதீர்கள், தலைப்பைப் பொறுத்தே எல்லாம் ஏறி இறங்கும். கருத்துகளைக் கவனியுங்கள். எட்டாவது ஸ்லைடில் பதில் இருக்கும் ஒன்றை யாராவது கீழே கேட்டால், அவர் அதுவரை போகவில்லை. கடைசி ஸ்லைடுகளில் மட்டும் உள்ள செய்தியைப் பற்றி யாராவது பேசினால் அவர் போயிருக்கிறார். அதே வகைத் தலைப்புகளில் சில பதிவுகள் போட்டு, இந்த இரண்டும் எந்தப் பக்கம் சாய்கின்றன என்று பாருங்கள். சேமிப்பு எண்ணிக்கையையும் சேர்த்துப் பார்க்கலாம், பெரும்பாலும் முழுதாகப் படித்தவர்தான் சேமிப்பார்.

மரியா:
அம்புக்குப் பதில் கீழே "3 / 9" என்று நாமே எண் போட்டால்? எவ்வளவு பாக்கி என்று தெரிந்தால் என் வாசகர்கள் கடைசிவரை வருகிறார்கள்.

இளங்கோ:
நீளம் குறைவாக இருந்தால் சரி. 20 ஸ்லைடு போட்டுவிட்டு "2 / 20" என்று காட்டினால் அங்கேயே திரும்பிவிடுவார்கள் என்பது என் எண்ணம். ஒன்பதுக்கு நான் எண் போடுவதில்லை.

மரியா:
என் ஆவணங்கள் பலவும் 15 பக்கத்துக்கு மேல். எண்ணை எடுத்தபோது "இன்னும் எவ்வளவு இருக்கு" என்று கேட்டார்கள். அதனால் திரும்ப வைத்துவிட்டேன்.

செந்தில்:
கயல்விழி, நான் இன்னும் ஒன்பதிலும் அம்பு வேண்டும் என்ற பக்கம்தான். இந்தப் பதிவைப் போட்டதும் இணைப்பு கொடுங்கள், அப்பாவுக்கு அனுப்பி, எந்த ஸ்லைடுவரை போகிறார் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன்.