கனவில் கண்ணாடி துடைத்துக் கொடுத்தவன்

நிலாமுற்றம்
பத்து நாளாக மனசை அரிக்கிறது. ஆடிட்டர் ஆபீஸில் வேலை, வயது 38, இரண்டு பிள்ளைகள். பக்கத்து மேசைத் தம்பி என்னைவிட ஆறு வயது சின்னவன், "அக்கா" என்றுதான் கூப்பிடுவான். அவன் கனவில் வந்தான். மொட்டை மாடியில் என் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, ஊதி, சட்டை நுனியில் துடைத்து, இரண்டு கையாலும் திரும்ப மாட்டிவிட்டான். விரல் காதோரம் பட்டது. அவ்வளவுதான். ஆனால் அப்போது இருந்த நிறைவைச் சொல்ல வார்த்தை இல்லை. விழித்தபோது மணி ஐந்தேகால், நெஞ்சு படபடவென்று அடித்தது. பக்கத்தில் வீட்டுக்காரர் தூங்குகிறார். மறுநாள் அவன் டீ நீட்டியபோது வாங்கக் கை வரவில்லை. "என்மேல் கோபமாக்கா?" என்று கேட்டான். எனக்கே தெரியாமல் அவன்மேல் ஏதாவது இருந்திருக்குமா?

கரிசல்மண்
விடியக்காலைக் கனவு பலிக்கும் என்பாள் என் அப்பத்தா. கல்லூரித் தோழி ஒருத்தி ரயில் வாசலில் என் தோளில் சாய்ந்ததாகக் கனவு கண்டேன். அன்றைக்கே போய் அவளிடம் சொல்லிவிட்டேன். "உன்னை அப்படி நினைச்சதே இல்லடா" என்றாள். நாலு வருஷ நட்பு அதோடு போயிற்று. அவளுக்குக் கல்யாணம் நடந்ததே அடுத்தவர் சொல்லித்தான் தெரியும். நான் நிஜத்தில் அவளை விரும்பினேனா என்று இன்றுவரை தெளிவில்லை.

பழந்தமிழ்
மனசில் இல்லாதது கனவில் வராது. திருக்குறளில் 'கனவுநிலை உரைத்தல்' என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. காதலித்தவள்தான் அங்கே கனவு காண்கிறாள்.

இரவுப்பணி
தூக்கப் பரிசோதனைக் கூடத்தில் பதினோரு வருஷமாக இரவு வேலை. தலையில் வயர் ஒட்டி, விடியும்வரை திரையைப் பார்ப்பேன். ஒருவர் காலையில் எழுந்ததும் அழுதார், செத்துப்போன நண்பரின் மனைவியைக் கனவில் கட்டிப்பிடித்ததாகச் சொல்லி. அவர் முகம் இன்னும் மறக்கவில்லை.

மூடிய இமைக்குள் கண் வேகமாக அசையும் தூக்கம் சுமார் 90 நிமிஷத்துக்கு ஒருமுறை வரும். விடியற்காலையில்தான் அது நீண்டு வரும், அதன் நடுவே விழிப்பதும் அப்போதுதான் அதிகம். அதனால் அந்தக் கனவு நினைவில் நிற்கிறது. கரிசல்மண், அப்பத்தா கவனித்தது சரி, பலிக்கும் என்பதுதான் ஒட்டிக்கொண்டது.

அந்த நேரம் மூளையில் உணர்ச்சியைக் கிளப்பும் பகுதி நன்றாக வேலை செய்யும். "இது நடக்குமா, இவர் யார்" என்று சரிபார்க்கும் முன்பகுதி தணிந்திருக்கும். அதனால் ஒரு உணர்வு, கிடைத்த முகத்தோடு சேர்ந்துவிடும். நெஞ்சுத் துடிப்பும் உடம்பில் எழும் கிளர்ச்சியும் எந்தக் கனவானாலும் அந்தக் கட்டத்தில் வரும், அதைச் சாட்சியாக எடுக்காதீர்கள். நேற்றைய நாள் கனவில் வரும். சில சமயம் ஐந்தாறு நாள் முன்பு நடந்தது சுற்றி வந்து சேரும். அக்கா, முகத்தை எடுத்துவிட்டு அந்த உணர்வை மட்டும் வைத்து, கனவுக்கு முந்தைய வாரத்தை ஒருமுறை தேடிப் பாருங்கள்.

பழந்தமிழ் அய்யா, அந்த அதிகாரத்துத் தலைவி ஏற்கெனவே காதலிக்கிறாள், அதனால் கனவு வருகிறது. கனவு வந்ததால் அது காதல் என்று எங்கே இருக்கிறது?

வைகைக்கரை
எனக்கும் கூட வேலை பார்த்தவர் வந்தார், கோயில் பிரகாரத்தில் கைபிடித்து நடந்தோம், அவ்வளவுதான். ஆனால் நீங்கள் செய்ய வேண்டியது என்னவென்றால், மேசையை மாற்றிக் கேளுங்கள், டீ வாங்கவே வாங்காதீர்கள், ராத்திரி போனை ஒன்பது மணிக்கே வைத்துவிடுங்கள், வெள்ளிக்கிழமை அம்மனுக்கு விளக்கேற்றுங்கள், வீட்டுக்காரரிடம் இன்றே சொல்லிவிடுங்கள். ஆம்பளைகளுக்கு ஒளித்தால்தான் கோபம் வரும். சொல்லும்போது சாப்பாட்டுக்கு அப்புறம் சொல்லுங்கள்.

பனிமலர்
இரவுப்பணி சொல்வதை முழுசாக ஏற்க முடியவில்லை. எனக்கு முதலில் கனவு, அப்புறம்தான் காதல். அதுவரை அவரை ஏறிட்டும் பார்த்ததில்லை. கனவுக்குப் பிறகு அவர் என்ன சட்டை போட்டு வருகிறார் என்பதிலிருந்து எல்லாம் கண்ணில் பட்டது. இப்போது அவர்தான் என் கணவர்.

இரவுப்பணி
அதுவும் நடக்கும். ஆனால் நீங்கள் விழித்திருந்து பார்த்த நாட்கள்தானே அந்தக் காதலை வளர்த்தன?

பனிமலர்
அந்தக் கனவு இல்லாமல் பார்த்திருப்பேனா?

நிலாமுற்றம்
தேடிப் பார்த்தேன். கனவுக்கு ஆறு நாள் முன்பு அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். மதியம் ரெக்கார்டு ரூமில் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அழுதுகொண்டிருந்தேன். ஃபைல் எடுக்க வந்தவன் ஒன்றும் கேட்கவில்லை. டியூப் லைட்டை அணைத்துவிட்டு, யாரும் உள்ளே வராதபடி கதவைச் சாத்திவிட்டுப் போனான். அந்த வாரம் முழுக்க எல்லாருக்கும் நான்தான் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தேன். என் கண்ணை யாரும் பார்க்கவில்லை.

அவனுக்காக நான் ஒருநாளும் புடவை தேர்ந்தெடுத்ததில்லை. அவன் லீவு போட்டால் வேலை கூடுகிறதே என்றுதான் தோன்றும்.

வீட்டுக்காரரிடம் கனவைச் சொல்லவில்லை. ரெக்கார்டு ரூமில் அழுததைச் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையைக் கழுவிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

இன்று டீயை வாங்கிக்கொண்டேன். கண்ணாடி துடைக்கும்போது மட்டும் அந்த மாடி ஒரு நொடி வந்து போகிறது.