'கைது', 'பலி', 'திறப்பு': வினை இல்லாமல் முடியும் தலைப்புச் சொல்லுக்குப் பெயர் வேண்டும்

நாகர்கோவில், செய்திப் பிரிவிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்குத் தலைப்பு எழுதுவது பற்றி நாலு பக்கக் குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு சொல் இல்லாமல் அது நொண்டுகிறது.

பயிற்சிக்கு 2024 டிசம்பர் 30 செய்தியைக் கொடுத்தேன். விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவில் 77 மீட்டர் கண்ணாடிப் பாலத்தை அன்றைக்குத்தான் முதல்வர் திறந்து வைத்தார். மறுநாள் பேப்பருக்குத் தலைப்பு கேட்டேன். ஒரு பையன், 'கண்ணாடிப் பாலத்தைத் திறக்கிறார் முதல்வர்' என்று எழுதினான். ஆங்கிலச் செய்தியில் நிகழ்காலம் இருந்ததாம், அதை அப்படியே கொண்டுவந்துவிட்டான். ஆங்கிலத் தலைப்பில் நடந்து முடிந்ததை நிகழ்காலத்தில் சொல்வது வழக்கம். நம் ஆள் 'திறக்கிறார்' என்று படித்தால் 'அப்போ இன்னும் திறக்கலியா, நாளைக்குப் போய்ப் பார்க்கலாமே' என்றுதான் நினைப்பான்.

'கண்ணாடிப் பாலம் திறப்பு' என்று முடி என்றேன். 'அந்தத் திறப்புக்கு என்ன பெயர் சார்? வினையா, பெயரா?' என்று கேட்டான். டெஸ்க்கில் நாங்கள் 'கைது போட்டு முடி', 'பலி போட்டு முடி' என்று சொல்லியே காலம் தள்ளிவிட்டோம். இதற்கு ஒரு கலைச்சொல் சொல்லுங்கள்.

தக்கலை, தமிழாசிரியை:

இதற்கு ஏன் புதுச்சொல்? வினைத்தொகைதானே இது. 'காலம் கரந்த பெயரெச்சம் வினைத்தொகை' என்கிறது நன்னூல். 'திறப்பு' என்பதிலும் காலம் மறைந்துதான் நிற்கிறது. திறந்தார், திறக்கிறார், திறப்பார் மூன்றுக்கும் பொருந்தும். தலைப்பு வினைத்தொகை என்று சொன்னால் போதும்.

மார்த்தாண்டம், ஓய்வுபெற்ற துணை ஆசிரியர்:

டீச்சர் சொன்னதில் பாதி சரி. காலம் மறைந்திருக்கிறது என்பது சரி. ஆனால் வினைத்தொகையில் வினையடி முன்னால் வந்து, பெயர் அதன் பின்னால் ஒட்டும். ஊறுகாய், சுடுசோறு மாதிரி. 'வாலிபர் கைது' என்பதில் கைது கடைசியில் நிற்கிறது, அதற்குப் பின்னால் ஒன்றும் இல்லை. போதாததற்கு அது வினையடியே இல்லை. 'செய்' என்றோ 'ஆகு' என்றோ இன்னொன்று சேர்ந்தால்தான் அது வினையாகும்.

பெயர்ப்பயனிலை என்று யாராவது சொல்வார்கள், அதற்கும் இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன். 'அவர் ஆசிரியர்' என்றால் அவரும் ஆசிரியரும் ஒரே ஆள். 'வாலிபர் கைது' என்றால் வாலிபரும் கைதும் ஒன்றா? இல்லை. 'செய்யப்பட்டார்' என்ற முற்று விழுந்துபோய், அதன் வேலையையும் சேர்த்து இந்தப் பெயர் பார்க்கிறது. அதனால் வினைமுற்றுக்கு இணையாகப் 'பெயர்முற்று' என்று வைக்கலாம்.

காலம் மறைந்திருப்பதாலேயே வாசகன் தவிப்பதில்லை, அதற்கு ஒரு மரபு இருக்கிறது. பெயர்முற்றோடு காலச்சொல் எதுவும் வராவிட்டால் விஷயம் நடந்து முடிந்தது. 'பாலம் திறப்பு' என்றால் திறந்தாயிற்று. வரப்போவது என்றால் 'இன்று' என்றோ 'நாளை' என்றோ கட்டாயம் வேண்டும். 30ஆம் தேதிக் காலைப் பேப்பரில் 'கண்ணாடிப் பாலம் இன்று திறப்பு', 31ஆம் தேதி 'கண்ணாடிப் பாலம் திறப்பு'. இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு 'இன்று'தான் வித்தியாசம். 'நேற்று' என்று யாரும் போடுவதில்லை, நேற்று நடந்ததைச் சொல்லத்தானே பேப்பர்.

இன்னொன்று. திறந்தவர் யார் என்பது முக்கியமானால் பெயர்முற்று ஒத்துழைக்காது. 'முதல்வர் பாலம் திறப்பு' என்று படித்துப் பாருங்கள், முதல்வர் பெயரில் ஒரு பாலம் இருப்பது போலத் தோன்றும். அங்கே 'திறந்து வைத்தார் முதல்வர்' என்று வினைமுற்றுக்குத் திரும்பிவிட வேண்டும்.

குளச்சல்:

நான் மொழி ஆள் இல்லை, எப்போதாவது படிக்கிறவன். தலைப்பு பற்றிய பேச்சு என்பதால் சொல்கிறேன். சில வருடம் முன்னால் எங்கள் தெரு ஆள் ஒருவர் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. மூன்றாம் நாள் காலையில் 'மாயமான குமரி மீனவர் மீட்பு' என்று வந்தது. வீட்டில் எல்லாரும் சந்தோஷத்தில் அழுதுவிட்டார்கள். செய்தியின் நாலாவது வரியில்தான் 'உடல்' என்ற சொல் இருந்தது. எந்தப் பேப்பர் என்று எழுதப்போவதில்லை. இந்தச் சுருக்கத்துக்கு என்ன பெயர் வைத்தால் எங்களுக்கு என்ன?

மார்த்தாண்டம்:

தம்பி, நீங்கள் கேட்டது நியாயம். பெயர் வைப்பது வேறு பேச்சு என்று இதைத் தள்ளிவிட முடியாது. 'மீட்பு' என்ற சொல் உயிருள்ள ஆளுக்கும் வரும், உடலுக்கும் வரும், பைக்குக்கும் வரும். எது மீட்கப்பட்டது என்பது அதற்கு முன்னால் இருக்கிற சொல்லில்தான் தெரியும். 'மீனவர் உடல் மீட்பு' என்று போட்டால் மூன்று எழுத்துதான் கூடும். அந்த மூன்று எழுத்தை வெட்டினவர் எழுதத் தெரியாதவர், அவ்வளவுதான்.

நாகர்கோவில்:

அண்ணாச்சி, எழுத்தைப் பற்றிப் பேசும்போதே இதையும் கேட்டுவிடுகிறேன். 'போலீஸ் தாக்கிய வாலிபர் கைது' என்று ஒன்று வந்தது. அடித்தது யார்? போலீசா, வாலிபரா? இடம் மிச்சம் பிடிக்க 'ஐ'யை எடுத்தேன் என்கிறான் பையன்.

மார்த்தாண்டம்:

அவனையே எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். போலீஸ், மூன்று எழுத்து. போலீசை, அதுவும் மூன்று. புள்ளி எழுத்தில் முடிகிற சொல்லில் பெரும்பாலும் 'ஐ' அந்தப் புள்ளியின் மேலேயே ஏறி உட்கார்ந்துகொள்ளும். வாலிபர் – வாலிபரை, மகள் – மகளை, நாய் – நாயை, எதிலும் எழுத்து கூடவில்லை. அச்சில் ஐகாரக் கொம்பு கொஞ்சம் அகலம் பிடிக்கும், அவ்வளவே. 'போலீசைத் தாக்கிய' என்று 'த்' போட்டால் ஒரு எழுத்து கூடும். செலவு கூடுவது 'பாலம் – பாலத்தை', 'யானை – யானையை' மாதிரிச் சொற்களில்தான், அங்கேயும் ஒரே எழுத்து.

எல்லா இடத்திலும் 'ஐ' வேண்டும் என்றும் சொல்லவில்லை. 'நகை திருடிய வாலிபர் கைது' என்றால் நகை யாரையும் திருடப்போவதில்லை, எடுத்துவிடலாம். பெயரெச்சத்துக்கு முன்னும் பின்னும் ஆளோ மிருகமோ நின்றால் 'ஐ'யில் கை வைக்கக் கூடாது. 'தாக்கிய' என்ற எச்சம் அடித்தவரையும் தழுவும், அடிபட்டவரையும் தழுவும். 'ஐ' இல்லாவிட்டால் அதைப் பிரிக்க வேறு வழி கிடையாது. சொல்லை முன்பின்னாக மாற்றிப் போட்டாலும் சரியாகாது.

தக்கலை:

வினைத்தொகையை விட்டுவிடுகிறேன். ஆனாலும் 'பெயர்முற்று' எனக்கு உறுத்துகிறது. பெயரெச்சம் என்றால் பெயரைக் கொண்டு முடியும் எச்சம். அதே வாய்பாட்டில் பிள்ளைகள் பெயர்முற்று என்றால் பெயரைக் கொண்டு முடியும் முற்று என்று எழுதுவார்கள். நன்னூலின் 'கரந்த' என்ற சொல்லை வைத்துக் 'கரவுமுற்று' என்று சொல்லலாமே. காலமும் வினையும் கரந்து நிற்கிற முற்று.

மார்த்தாண்டம்:

கரவு என்றால் வஞ்சகம் என்றும் பொருள் உண்டு டீச்சர். குளச்சல் தம்பி சொன்ன தலைப்புக்கு வேண்டுமானால் பொருந்தும்.

நாகர்கோவில்:

குறிப்பில் இப்போதைக்குப் 'பெயர்முற்று' என்றே எழுதியிருக்கிறேன், பக்கத்தில் பென்சிலால் 'கரவுமுற்று?' என்றும். தம்பி சொன்னதைத் தனி வரியாகச் சேர்த்துவிட்டேன்: 'மீட்பு' என்று முடித்தால் உயிரோடு என்றோ உடல் என்றோ முன்னால் இருந்தே தீர வேண்டும்.

ஒன்று மட்டும் பாக்கி. பேப்பரில் 'இன்று திறப்பு' என்று போட்டால் அதன் ஆயுசு ஒரு நாள். இணையத்தில் அதே தலைப்பு ஆறு மாதம் கழித்தும் தேடலில் வந்து நிற்கிறது, பக்கத்திலேயே 'திறப்பு' என்று மறுநாள் தலைப்பும் நிற்கிறது. 'இன்று' என்ற இடத்தில் 'டிச. 30' என்று போடச் சொன்னேன். தேதி வந்தால் தலைப்பு அழைப்பிதழ் மாதிரி இருக்கிறது என்று டெஸ்க்கில் யாருக்கும் பிடிக்கவில்லை. வேறு வழி தெரிந்தவர்கள் எழுதுங்கள்.