புடையன் கடிச்ச ஆளுக்கு விற்றமின் கே ஏன் போடேல்லை?

சுன்னாகத்தான்:
எங்கட மாமாவை வெங்காயத் தோட்டத்தில தண்ணி மாறேக்க புடையன் கடிச்சிட்டுது. இருட்டு, முத்திரையோ சுருட்டையோ தெரியாது. ஆஸ்பத்திரியில இரத்தம் எடுத்துக் கண்ணாடிக் குழாயில விட்டு வைச்சினம், 20 நிமிசமாகியும் தண்ணி மாதிரியே கிடந்தது. போன வருசம் பக்கத்து வீட்டு ஆச்சிக்கும் இரத்தம் கட்டியாகாமல் இருக்கக் குடிக்கிற வார்பரின் கூடிப்போய் இரத்தம் உறையேல்லை. அவவுக்கு விற்றமின் கே ஊசி போட அடுத்த நாளே சரி. மாமாவுக்கு நஞ்சை முறிக்கிற அன்ரிவெனம் மட்டும்தான் ஏத்தினவை. கேட்டால் "அது இதுக்குச் சரிவராது" எண்டினம். ரெண்டும் உறையாத இரத்தம்தானே? (மாமா இப்ப சுகமா வீட்டை வந்திட்டார்.)

பனையடி:
நியாயமான கேள்வி. நான் உயர்தரத்துக்கு உயிரியல் படிப்பிக்கிறன். குருதி உறையக் கல்சியம் வேணும், அந்தக் கல்சியத்தைப் பிடிச்சுக் குடுக்கிறது விற்றமின் கே. அது இல்லாமல் குருதியை உறைய வைக்கிற திரொம்பின் வராது. ஆனபடியால் உறையாத ஆர் வந்தாலும் ஒரு ஊசி போடுறதில கெடுதல் ஒண்டுமில்லை, போட்டிருக்கலாம் எண்டுதான் நான் சொல்லுவன்.

ஆய்வுகூடத்து அக்கா:
மாஸ்டர், பாதி சரி. கல்சியத்தைப் பிடிக்கிறது விற்றமின் கே இல்லை. அந்த ஆச்சியின்ர இரத்தத்தைக் குழாயில எடுத்து வைச்சு, அதுக்குள்ள விற்றமின் கேயை எவ்வளவு விட்டாலும் உறையாது. நல்ல ஆளின்ர பிளாஸ்மாவைக் கொஞ்சம் கலந்தால் உறையும். விற்றமின் கேக்கு இரத்தத்துக்குள்ள வேலை இல்லை எண்டுறதுக்கு இதைவிட என்ன வேணும்? அதுக்கு வேலை ஈரலில.

குருதி உறைய வேண்டிய காரணி 2, 7, 9, 10 எல்லாத்தையும் ஈரல் பூட்டின நொதியமாத்தான் செய்து வெளியில விடுது. காரணி 2 எண்டுறதுதான் புரோத்துரொம்பின், அதை வெட்டினால் வாறதுதான் திரொம்பின். வெளியில விட முதல் அதின்ர ஒரு நுனியில இருக்கிற 10 குளூட்டாமிக் அமிலத்திலையும் இன்னொரு காபொக்சில் கூட்டத்தை ஒட்டவேணும். அப்ப ஒரே இடத்தில ரெண்டு காபொக்சில் வரும், கல்சியத்தை நண்டுக்கால் மாதிரிக் கவ்விப் பிடிக்கும். அந்தக் கல்சியத்தாலதான் புரோத்துரொம்பின் காயத்தில ஒட்டியிருக்கிற குருதிச் சிறுதட்டின்ர மேற்பரப்பில போய்க் கொழுவுது. இந்த ஒட்டுற வேலையில செலவழியிறது விற்றமின் கே. செலவழிஞ்சதை ஈரல் திருப்பிப் பழைய நிலைக்குக் கொண்டு வந்து பாவிக்கும். வார்பரின் மறிக்கிறது அந்தத் திருப்பிற வேலையை.

அதால ஆச்சியின்ர இரத்தத்தில புரோத்துரொம்பின் இல்லாமல் இருக்கேல்லை. கொழுக்கி குறைஞ்ச புரோத்துரொம்பின் மிதந்து கொண்டிருந்தது, ஒட்ட வழியில்லை. மாமாவின்ர ஈரலில கொழுக்கி ஒழுங்காத்தான் போட்டது. அவருக்குப் போனது வேற.

வல்லைவெளி:
நல்ல நேரம் இந்தக் கதை வந்தது. அப்பாவுக்கு இருதய வால்வு மாத்தினது, வார்பரின் குடிக்கிறார். முருங்கையிலை, வல்லாரை ஒண்டையும் கண்ணிலையும் காட்டக் கூடாதெண்டு அம்மா ஒரேயடியா நிப்பாட்டிப் போட்டா. போன மாசம் இரத்தம் உறையப் பிந்துறதைக் காட்டுற ஐ.என்.ஆர் திடீரெண்டு ஏறிப்போச்சு. கீரை குடுக்கலாமோ இல்லையோ?

ஆய்வுகூடத்து அக்கா:
தம்பி, இது பாம்புக்கடிக் கதை, எண்டாலும் சொல்லுறன். மருந்தின்ர அளவு அவர் அப்ப சாப்பிட்டுக் கொண்டிருந்த சாப்பாட்டுக்குத்தான் பொருத்தினது. கீரையை ஒரேயடியா நிப்பாட்டினால் விற்றமின் கே குறையும், அதே குளிசை அளவு கூடினது மாதிரி வேலை செய்யும், ஐ.என்.ஆர் ஏறும். ஏற வேற காரணமும் இருக்கும், புதுசா அன்ரிபயோட்டிக் ஏதும் குடிச்சவரோ? கிளினிக்கில ரெண்டையும் சொல்லிக் கேளுங்கோ. பொதுவா கீரையை நிப்பாட்டச் சொல்லுறேல்லை, கிழமைக்குக் கிழமை ஒரே அளவாச் சாப்பிடச் சொல்லுறது.

பனையடி:
கொழுக்கிக் கதை விளங்குது, ஒத்துக்கொள்ளுறன். ஆனால் எனக்கு இப்ப பெரிய சிக்கல். புடையன்ர நஞ்சு காரணி 10ஐத் திறக்குது எண்டு நானே படிப்பிக்கிறன். 10 திறந்தால் திரொம்பின் வரும், திரொம்பின் வந்தால் உறையும். துளி நஞ்சு இவ்வளவு பெருக்கி விட்டால் மனிசன் இரத்தம் கட்டியாகித்தானே சாகவேணும்? ஏன் முரசால வடியுது? இந்த அடுக்கடுக்காப் பெருக்குற கதை கரும்பலகையில வடிவா இருக்கு, ஆளில சரிவரேல்லை எண்டு நினைக்கிறன்.

ஆய்வுகூடத்து அக்கா:
பெருக்கம் சரிவந்தபடியால்தான் வடியுது, மாஸ்டர். அளவுகளைப் பாருங்கோ. ஒரு லீற்றர் பிளாஸ்மாவில காரணி 7 அரை மில்லிகிராம் அளவில. காரணி 10 ஒரு 10 மில்லிகிராம். புரோத்துரொம்பின் 100 மில்லிகிராம் மட்டில. கடைசியில நூலாகிற பைபிரினோஜன் 2 தொடக்கம் 4 கிராம். படிக்குப் படி சரக்குக் கூடிக்கொண்டு போகுது. மேல உள்ளது நொதியம், ஒண்டை வெட்டினவுடன அது தீர்ந்து போறேல்லை, அடுத்ததையும் அதுக்கடுத்ததையும் வெட்டும். அதால மேல ஒரு சொட்டுத் திறந்தால் கீழ கிராம் கணக்கில ஓடும்.

சாதாரணமா இந்த ஓட்டம் காயம் பட்ட இடத்தில மட்டும்தான். திறந்த காரணி 10 தனிய மிதந்தால் புரோத்துரொம்பினை வெட்டுறது ஆமை வேகம். சிறுதட்டின்ர மேற்பரப்பில காரணி 5ஓட சேர்ந்து குந்தினால் கிட்டத்தட்ட 3 லட்சம் மடங்கு வேகம். கொழுக்கி இருக்கிறது இதுக்குத்தான். இடத்தை விட்டு விலகிப் போனதை அன்ரித்திரொம்பின் வந்து அமத்திப்போடும்.

முத்திரைப் புடையன்ர நஞ்சு காயத்தைத் தேடிப் போறேல்லை. ஓடுற இரத்தம் முழுக்க 10ஐயும் 5ஐயும் திறந்து கொண்டே இருக்கும். மாமாவின்ர உடம்பில ஒரு 3 லீற்றர் பிளாஸ்மா எண்டு வையுங்கோ, பைபிரினோஜன் மொத்தமா 6 தொடக்கம் 12 கிராம்தான். அது அங்கங்க பொடிப்பொடி நூலாகும், உடம்பு அதைக் கரைச்சுக் கொண்டே போகும், சில மணித்தியாலத்தில சரக்கு முடிஞ்சுது. முரசில இரத்தம் வரேக்க அங்க கட்டுறதுக்கு ஒண்டும் மிச்சமில்லை. இப்ப விற்றமின் கே போட்டால் ஈரலுக்குக் குறையாத ஒண்டைக் குடுத்ததாப் போகும். புதுசாச் செய்து விட்டதையும் நஞ்சு தின்னும். முதல் நஞ்சை நிப்பாட்டவேணும், அதுக்கு அன்ரிவெனம்தான்.

பழைய மருத்துவபீடம்:
அக்கா சொல்வதுடன் உடன்படுகிறேன், ஒன்றைச் சேர்க்கிறேன். பனையடி ஆசிரியர் கரும்பலகையைச் சந்தேகித்ததும் முழுப்பிழை அல்ல. 1964இல் மக்ஃபர்லேன் ஒரு பக்கமும், டேவியும் ரட்னொஃபும் மறுபக்கமும் இந்த அடுக்கை வரைந்தபோது, காரணி 12இல் தொடங்கும் வரிசை ஒன்று உச்சியில் இருந்தது. அந்தக் காரணி அறவே இல்லாத ஹேக்மன் என்ற நோயாளியின் குருதி கண்ணாடிக் குழாயில் உறைய மிக நீண்ட நேரம் எடுத்தது. ஆனால் அவருக்கு இரத்தம் வடியும் நோய் எதுவும் இருக்கவில்லை. கடைசியில் நுரையீரலில் இரத்தக்கட்டி அடைத்தே இறந்தார். உடலில் தொடக்கம் காயத்தில் வெளிப்படும் திசுக்காரணியும் காரணி 7ம்தான். எனவே 12ஐப் பாடத்திலிருந்து தூக்கிவிடலாம் என்பது என் கட்சி.

ஆய்வுகூடத்து அக்கா:
தூக்காதேங்கோ டொக்டர், எங்கட 20 நிமிசச் சோதனையே 12இலதான் ஓடுது! ரெண்டு மில்லிலீற்றர் இரத்தம், காய்ஞ்ச கண்ணாடிக் குழாய், அசைக்காமல் வைச்சு 20 நிமிசத்தில ஒருக்காச் சரிச்சுப் பார்க்கிறது. கண்ணாடிச் சுவர் 12ஐத் திறக்கும், அதால நல்ல இரத்தம் அந்த நேரத்துக்குள்ள கட்டியாகும். பிளாஸ்ரிக்கில எடுத்தால், இல்லாட்டிச் சவர்க்காரத்தூள் போட்டுக் கழுவின குழாயில எடுத்தால், நல்ல ஆளின்ர இரத்தமும் தண்ணியாய்க் கிடக்கும். நான் வேலைக்குப் புதுசில ஒரு இடத்தில இதைக் கண்ணால கண்டனான். கடிச்சது சாரைப்பாம்பு, குழாயில உறையேல்லை, எல்லாரும் பதறிப்போச்சினம். நான் என்ர இரத்தத்தை அதே கட்டில இருந்த குழாயில விட்டுப் பார்த்தன், அதுவும் உறையேல்லை. அண்டைக்கு அந்தக் குழாய் எல்லாம் குப்பைக்குப் போச்சு.

பழைய மருத்துவபீடம்:
சரி, குழாய்க்காக வைத்துக்கொள்ளுங்கள். உடலுக்கு வேண்டாம்.

சுன்னாகத்தான்:
அக்கா, இப்பதான் விளங்குது. முதல் அன்ரிவெனம் ஏத்தி 6 மணித்தியாலம் கழிச்சுத் திரும்பப் பார்த்தினம், அப்பவும் தண்ணி. திரும்ப ஏத்தினவை. விடியப்புறம் பார்க்க உறைஞ்சிட்டுது. முதல் ஏத்தினது வேலை செய்யேல்லையோ?

ஆய்வுகூடத்து அக்கா:
அப்பிடி அடிச்சுச் சொல்லேலாது. நஞ்சு நிண்டாலும் ஈரல் திருப்பிச் செய்து நிரப்ப நேரம் வேணும், அதுக்காகத்தான் 6 மணித்தியாலம் பொறுக்கிறது. அதுக்குப் பிறகும் தண்ணியா இருந்தால் நஞ்சு இன்னும் தின்னுது எண்டு எடுத்து திரும்ப ஏத்துறது. ஆச்சிக்கும் இதே கணக்குத்தான். ஊசி போட்டவுடன உறையேல்லை, கொழுக்கியோட புதுக் காரணிகள் வர மணித்தியாலங்கள் எடுத்திருக்கும்.

பனையடி:
அன்ரிவெனத்தோட நல்ல பிளாஸ்மாவும் ஏத்தினால் என்ன? நிரப்புற வேலை கெதியா முடியுமே.

பழைய மருத்துவபீடம்:
அதில் இன்னும் சண்டைதான். நஞ்சு மிச்சமிருக்கும்போது ஏற்றினால் நெருப்புக்கு விறகு போடுவது என்பார்கள் சிலர். அன்ரிவெனம் கொடுத்த பின் ஏற்றலாம் என்பார்கள் வேறு சிலர். மூளையில் இரத்தம் கசிகிறது என்றால் நான் ஏற்றுவேன். முரசில் வடிவதற்கு மட்டும் ஏற்றமாட்டேன். அதேபோல் மஞ்சட்காமாலையில் பித்தக்குழாய் அடைத்தவரையோ, பல நாள் சாப்பாடில்லாமல் அன்ரிபயோட்டிக்கில் கிடந்தவரையோ பாம்பு கடித்தால் விற்றமின் கேயும் கொடுப்பேன். அவருக்குக் கொழுக்கிக் குறையும் இருக்கலாம்.

பனையடி:
கடைசியா ஒண்டு. வார்பரின் குடிக்கிற ஆளைப் புடையன் கடிச்சால்? கொழுக்கி இல்லையெண்டால் நஞ்சாலையும் பெருக்க ஏலாதுதானே. தப்பிடுவாரோ?

ஆய்வுகூடத்து அக்கா:
எந்தப் புடையன் எண்டதைப் பொறுத்தது. முத்திரையின்ர நஞ்சு 10ஐத்தான் திறக்குது, அதுக்குக் கீழ போக மேற்பரப்பும் கொழுக்கியும் வேணும். அதால கொஞ்சம் மெதுவாகலாம். எங்கட மணற்காட்டுப் பக்கம் கிடக்கிற சுருட்டை அப்பிடியில்லை. அதின்ர நஞ்சு நேர புரோத்துரொம்பினையே வெட்டும், கல்சியமும் வேண்டாம், கொழுக்கியும் வேண்டாம். வார்பரின் ஆளின்ர கொழுக்கி இல்லாப் புரோத்துரொம்பினையும் குழாயில வெட்டித் தள்ளும். அந்த நஞ்சில பிரிச்செடுத்த நொதியத்தை ஆய்வுகூடங்களில பாவிக்கிறதும் அதால்தான். குழாயில நடக்கிறது ஆளில எவ்வளவுக்கு நடக்கும் எண்டு நான் சொல்லமாட்டன், அப்பிடி ஒரு ஆளை நான் காணேல்லை. வந்தால் அன்ரிவெனமும் வேணும், விற்றமின் கேயும் வேணும்.

வல்லைவெளி:
அப்ப அப்பாவை இருட்டினாப் பிறகு தோட்டத்துக்கு விடக்கூடாது. அக்கா, வல்லாரைச் சம்பல் கிழமைக்கு எத்தினை தரம்?