மெத்தட்ஸ் பத்தியைப் படிப்படியாக எழுதிக் கொடுத்தும் இன்னொரு லேபில் சரியாக வரவில்லை, எதை விட்டிருப்பேன்?

கிளமெண்டி

வணக்கம். இங்கே ஓர் ஆய்வகத்தில் ரிசர்ச் ஆபீசராக இருக்கிறேன். டிரைசால் வைத்துச் செல்களிலிருந்து ஆர்என்ஏ எடுப்பதை எங்கள் கட்டுரையில் ஒரே பத்தியில் எழுதியிருந்தோம். மதுரையில் எங்களோடு சேர்ந்து வேலை செய்யும் லேப் அதைப் படித்து அப்படியே செய்தது. அவர்களுக்கு A260/280 ஏறக்குறைய 1.9 வருகிறது, ஆனால் A260/230 0.5-ஐத் தாண்டவில்லை. எங்களுக்கு 1.8-க்குக் கீழே போவதே அரிது.

பத்தியின் சாரம் இது: "6 குழித் தட்டில் வளர்த்த செல்கள் டிரைசாலில் கரைக்கப்பட்டு, முன்பு விவரிக்கப்பட்டபடி சிறு மாற்றங்களுடன் குளோரோஃபார்ம் சேர்த்துப் பிரிக்கப்பட்டன. மேல் அடுக்குக்குச் சம அளவு ஐசோபுரோபனால் சேர்த்து 12,000 ஆர்பிஎம்மில் சுழற்றி, 75% எத்தனாலில் கழுவி, உலர்த்தி, நீரில் கரைக்கப்பட்டது."

வினைச்சொல் வருமிடமெல்லாம் வெட்டி 9 எண்கள் போட்டு அனுப்பினேன். அதன் பிறகும் அதே கேள்விகள்தான் வருகின்றன. இதை எப்படி எழுத வேண்டும்?

தேக்கா

பத்திரிகையின் சொல் வரம்புதான் பிரச்சினை என்றால் விவரத்தைத் துணைக்கோப்பில் போடலாமே. நாங்கள் போன வருடம் அப்படித்தான் செய்தோம், எடிட்டர் ஒன்றும் சொல்லவில்லை.

கிளமெண்டி

இல்லை அண்ணா, கட்டுரை வெளியாகிவிட்டது. வேறொருவர் கையில் வேலை செய்யும் ஒரு தாள்தான் வேண்டும்.

உட்லண்ட்ஸ்

ஆர்பிஎம்மை ஜி-யாக மாற்றிவிடுங்கள், பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். 12,000 ஆர்பிஎம் என்றால் 12,000 ஜி என்று போட்டால் போதும், கிட்டத்தட்ட ஒன்றுதான். அப்புறம் 230 குறைந்தால் அந்த ஆர்என்ஏ வீண், திரும்ப எடுக்கச் சொல்லுங்கள்.

புவோனா விஸ்தா

ஜி-யில் எழுதச் சொன்னது சரி. ஆனால் இரண்டும் ஒன்றல்ல, அது ரோட்டரின் ஆரத்தைப் பொறுத்தது. சென்டிமீட்டரில் ஆரம் r என்றால்:

```
g = 0.00001118 × r × rpm²
```

ஆரம் 8.4 செ.மீ. உள்ள ரோட்டரில் 12,000 ஆர்பிஎம் ஏறக்குறைய 13,500 ஜி ஆகும். 12,000 ஜி வேண்டுமென்றால் அதே ரோட்டரை 11,300-இல் சுற்ற வேண்டும். ஆரம் ரோட்டர் மூடியிலோ கையேட்டிலோ இருக்கும்.

230 விஷயத்திலும் அவசரம் வேண்டாம். அங்கே குறைவது பெரும்பாலும் குவானிடின் உப்போ ஃபீனாலோ ஒட்டிக்கொண்டு வருவதால். ஆர்என்ஏ செறிவு குறைவாக இருந்தால் கொஞ்சம் உப்பு வந்தாலே அந்த எண் விழுந்துவிடும், ஆர்டி-பிசிஆர் நன்றாகவே ஓடும். ஆகவே செறிவைக் கேளுங்கள்.

கிளமெண்டி, இனி உங்கள் கேள்வி. நீங்கள் வெட்டியது வாக்கியத்தை. கை எங்கே தயங்குகிறதோ அங்கே வெட்ட வேண்டும். மேல் அடுக்கை எடுக்கிறோம் என்று எழுதினால், எத்தனை மைக்ரோலிட்டர், எவ்வளவு விட்டுவைப்பது என்று பிப்பெட்டைப் பிடித்திருப்பவர் யோசிப்பார். "சம அளவு" எதற்குச் சமம்? உங்கள் மனத்தில் மேல் அடுக்கு. பத்தியை வேகமாகப் படிப்பவர் முதலில் ஊற்றிய 1 மில்லி டிரைசால் என்று நினைக்கலாம். ஐசோபுரோபனால் கூடினால் உப்பும் கூடவே படியும். இந்த இரண்டையும் மதுரையில் கேட்டுவிட்டு வாருங்கள்.

"முன்பு விவரிக்கப்பட்டபடி" என்று எந்தக் கட்டுரையைக் காட்டியிருக்கிறீர்கள்?

கிளமெண்டி

1987-இல் வந்த ஒற்றைப் படி முறைக் கட்டுரையை.

மதுரையில் கேட்டேன். செறிவு மைக்ரோலிட்டருக்கு 180 நானோகிராம். மேல் அடுக்கை "முடிந்தவரை முழுவதும்", சுமார் 600 மைக்ரோலிட்டர் எடுத்திருக்கிறார்கள். ஐசோபுரோபனால் 1 மில்லி ஊற்றியிருக்கிறார்கள்.

புவோனா விஸ்தா

அந்த மேற்கோளைத் தாளிலிருந்து எடுத்துவிடுங்கள். அந்த முறையில் குவானிடின் கரைசலோடு சோடியம் அசிடேட், ஃபீனால், குளோரோஃபார்ம் எல்லாம் தனித்தனியாகச் சேரும், மைனஸ் 20-இல் இரண்டு முறை படிய வைப்பார்கள். நீங்கள் வாங்கும் டிரைசாலில் ஃபீனாலும் குவானிடினும் ஏற்கெனவே கலந்திருக்கின்றன. படித்தவர் இரண்டையும் சேர்த்துக் குழம்புவார்.

நடுப்பகுதியை நான் இப்படி எழுதுவேன்:

4. எச்சரிக்கை: படி 5 முதல் ஃபியூம் ஹூட்டுக்குள். டிரைசால் கழிவில் பிளீச் ஊற்ற வேண்டாம், நச்சு வாயு வரும்.
5. 1 மில்லி டிரைசாலுக்கு 0.2 மில்லி குளோரோஃபார்ம். மூடி, 15 விநாடி கையால் வேகமாகக் குலுக்கவும். அறை வெப்பத்தில் 3 நிமிடம்.
6. 12,000 ஜி, 15 நிமிடம், 4 டிகிரி. பார்க்க வேண்டியது: கீழே இளஞ்சிவப்பு, நடுவில் வெள்ளைப் படலம், மேலே நிறமற்ற அடுக்கு. படலம் கலைந்திருந்தால் படி 6-ஐ மீண்டும் செய்யவும்.
7. டியூபைச் சாய்த்துப் பிடித்து மேலிருந்து 400 மைக்ரோலிட்டர் மட்டும் புதிய டியூபுக்கு. மிச்சம் இருக்கட்டும்.
8. ஐசோபுரோபனால் 0.5 மில்லி. 10 நிமிடம் அறை வெப்பத்தில். டியூபின் வெளிப்பக்கம் தெரியும்படி குறி போட்டு வைக்கவும், பெல்லட் அந்தப் பக்கத்தில் ஒட்டும், பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. 12,000 ஜி, 10 நிமிடம், 4 டிகிரி.

அளவும் எச்சரிக்கையும் அந்தப் படியிலேயே, கை அங்கே போவதற்கு முன்பாகவே வர வேண்டும். கடைசியில் தனிப் பட்டியலாகப் போட்டால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

பாசிர் ரிஸ்

நான் பாலிடெக்னிக் மாணவர்களுக்குச் செய்முறைத் தாள் தயாரிப்பவள். இதை எழுதியவரே சரிபார்க்கக் கூடாது. செய்து பழகாத ஒருவரிடம் தாளைக் கொடுத்துவிட்டு நீங்கள் பேசாமல் பக்கத்தில் நில்லுங்கள். அவர் நின்று உங்கள் முகத்தைப் பார்க்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். "அறை வெப்பம்" என்றும் எழுதாதீர்கள், நம் லேபில் ஏசியில் 22 டிகிரி, எல்லா ஊரிலும் அப்படி இருக்காது.

கிளமெண்டி

பாசிர் ரிஸ் அக்கா சொன்னபடி இன்று இன்டர்ன் தம்பியைச் செய்ய விட்டேன். எத்தனால் ஊற்றியதும் நின்றான். "அக்கா, பெல்லட் மிதக்கணுமா? எத்தனை தடவை?" என்று கேட்டான்.

அப்போதுதான் என் கையைக் கவனித்தேன். நான் எப்போதும் 1 மில்லி எத்தனால் ஊற்றி, டியூபைத் தட்டிப் பெல்லட்டை மிதக்க விட்டு, 7,500 ஜி-யில் 5 நிமிடம் சுழற்றுவேன். அதை இரண்டு முறை செய்வேன். இரண்டாவது கழுவல்தான் அந்த "சிறு மாற்றம்". லேபில் வழிவழியாக வந்த பழக்கம், எந்த நோட்டிலும் இல்லை. மதுரையில் பெல்லட்டை அசைக்காமல் ஒருமுறை ஊற்றிக் கொட்டியிருக்கிறார்கள்.

ஒரு சந்தேகம். எங்கள் ரோட்டரின் ஆரமும் 8.4 செ.மீ.தான், அப்படியானால் படியவைக்கும் சுழற்சி எங்களிடம் 13,500 ஜி-யில்தான் நடந்தது. தாளில் உண்மையில் நடந்ததைப் போடுவதா, எல்லோரும் செய்யும் 12,000-ஐப் போடுவதா?

உட்லண்ட்ஸ்

எல்லோரும் செய்வதைப் போடுங்கள்.

புவோனா விஸ்தா

நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். உங்கள் எண்கள் வந்தது 13,500-இல், அதையே எழுதுங்கள். நான் மேலே எழுதியதில் 12,000 என்று போட்டதும் கையேட்டு வழக்கம்தான், திருத்திக்கொள்ளுங்கள். 400 மைக்ரோலிட்டர் போல இப்போது புதிதாகச் சேர்த்ததற்கு "கட்டுரையில் இல்லை" என்று பக்கத்தில் குறிப்பு வையுங்கள். பிறகு யாராவது முடிவுகளை ஒப்பிடும்போது அது தேவைப்படும்.

கிளமெண்டி

திருத்திய தாளில் மதுரை இரண்டு மாதிரிகள் செய்தது. ஒன்றில் A260/230 1.7, மற்றதில் 0.9. இரண்டாவதைச் செய்தவர் வேறு ஆள். உலர்த்தும் படியில் "5 நிமிடம்" என்று மட்டும் எழுதியிருந்தேன், எத்தனாலை எவ்வளவு உறிஞ்சி எடுக்க வேண்டும் என்று எழுதவில்லை. நாளை அந்தப் படியைத் தம்பியிடம் கொடுத்துப் பார்க்கிறேன்.