பாசி எடுக்கும் பெண்கள் நூல்: அறிமுகக் குறிப்பைப் பார்த்துச் சொல்லுங்கள்

வணக்கம். மன்னார் வளைகுடாவில் பாசி எடுக்கும் பெண்களைப் பற்றிய நூல் எங்கள் சிறு பதிப்பகத்தில் வருகிறது. இன்ஸ்டாகிராம் குறிப்பில் முதல் இரண்டு வரிதான் கண்ணில் படும், மீதி மறைந்துவிடும். அதனால் வாழ்த்தையும் பதிப்பகப் பெயரையும் கீழே தள்ளிவிட்டு இப்படித் தொடங்கியிருக்கிறோம்:

“விரலில் துணி சுற்றி, காலில் தகரத் தட்டு கட்டி, மரிக்கொழுந்துப் பாசிக்காகப் பெண்கள் முங்குகிறார்கள். 1986-இல் மன்னார் வளைகுடாத் தீவுகள் தேசியப் பூங்காவாயின. எழுதியவர் அதே கடலில் பாசி எடுத்தவர்.”

குறிப்புக்குள் போடும் இணைப்பை அழுத்தினால் திறக்காது. ஆகவே விலை, கடைப் பெயர், வாட்சப் எண் மூன்றும் கடைசி வரியில் எழுத்தாகவே இருக்கும்.

அந்தத் தட்டுக்கு உங்கள் ஊரில் என்ன பெயர்? ஏர்வாடி, கீழக்கரை, ராமேஸ்வரத்தில் நூலை வாங்கி வைத்து விற்கும் கடை எது? சொல்லுங்கள், அச்சுக்குப் போகுமுன் சேர்த்துவிடுகிறோம்.