விசாவுக்கு வங்கி இருப்புச் சான்றிதழ்: கடிதத்தில் எந்தத் தேதி போடுவது?

இசக்கி (வீரவநல்லூர்):
இங்கிலாந்தில் மேற்படிப்புக்கு மாணவர் விசா போடப்போகிறேன். கல்லூரிக்குப் பாக்கிக் கட்டணமும் ஒன்பது மாதச் செலவும் சேர்த்து 18 லட்சம், தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருந்ததாகக் காட்டணும். பணம் அப்பா சேமிப்புக் கணக்கில் இருக்கிறது. ஜூன் 3 அன்று 18,40,000 ஆனது. 12-ம் தேதி கார் நடவுக்காக அப்பா 60,000 எடுத்தார். 14-ம் தேதி அத்தான் ஒரு லட்சம் அனுப்பினார். அதற்குப் பிறகு தொடவில்லை. கிளையில் “எதுக்கு, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரைன்னு எழுதிக் கொண்டாங்க” என்கிறார்கள். ஜூன் 3 முதல் 30 வரை என்று எழுதினால் 28 நாள் ஆகிறது. சரிதானே?

கல்லிடை மணி:
தம்பி, ஆறு மாச ஸ்டேட்மெண்ட் கேளுங்க. எவ்வளவு கூடக் காட்டுறோமோ அவ்வளவு நல்லது.

பாளை லட்சுமி:
என் மகன் ஜெர்மனிக்குச் சுற்றுலா போனபோது மூணு மாச ஸ்டேட்மெண்ட்தான் கேட்டாங்க, இந்த 28 நாள் பேச்சே வரலை. சான்றிதழே இல்லாமல் விசா வந்துச்சு.

அம்பை சங்கரன் (ஓய்வு, வங்கி):
லட்சுமி அக்கா சொல்வது ஷெங்கன் சுற்றுலா விசா. அதன் கணக்கு வேறு. மணி சொல்கிற ஆறு மாதம் கொடுத்தால் தப்பில்லை. ஆனால் அதிகாரி பார்ப்பது அந்த 28 நாளைத்தான்.

இசக்கி, ஜூன் 3 முதல் 30 என்று எழுதாதீர்கள். இந்த 28 நாளில் ஒரு நாள்கூட இருப்பு 18 லட்சத்துக்குக் கீழே போகக்கூடாது, சராசரி எடுக்க மாட்டார்கள். 12-ம் தேதி 60,000 எடுத்ததும் 17,80,000 ஆகிவிட்டது. 14-ம் தேதிதான் 18,80,000 ஆனது. ஆகவே எண்ணிக்கை 14-லிருந்துதான் தொடங்கும். ஜூனில் 17 நாள், ஜூலையில் 11 நாள். ஜூலை 11-ல் முடிகிறது. அது இரண்டாம் சனி, வங்கி கிடையாது. 13-ம் தேதி திங்கள் காலையில் கடிதத்தோடு போங்கள்.

கடைசி இருப்புத் தேதியிலிருந்து 31 நாளுக்குள் விண்ணப்பம் போய்விட வேண்டும். விளிம்புவரை இழுக்காமல் ஜூலைக்குள்ளேயே போட்டுவிடுங்கள். அதுவரை பணத்தை அசைக்கவேண்டாம்.

கணக்கு அப்பாவுடையது, எனவே கடிதத்தில் அவர்தான் கையெழுத்துப் போடணும். இப்படி எழுதினால் போதும்:

> அனுப்புநர்: (அப்பா பெயர், முகவரி)
> பெறுநர்: கிளை மேலாளர் அவர்கள்
> பொருள்: மகனின் இங்கிலாந்து மாணவர் விசாவுக்கு இருப்புச் சான்றிதழ் கோருதல்
>
> ஐயா, தங்கள் கிளையில் எனக்கு (எண்) சேமிப்புக் கணக்கு உள்ளது. என் மகன் (கடவுச்சீட்டில் உள்ளபடி பெயர்) விசா விண்ணப்பத்துடன் இணைப்பதற்காக, 14 ஜூன் முதல் 11 ஜூலை வரை இக்கணக்கில் இருந்த மிகக் குறைந்த இருப்பையும் 11 ஜூலை அன்றைய இறுதி இருப்பையும் குறிப்பிட்டு, ஆங்கிலத்தில் வங்கி முகப்புத்தாளில், தேதி, கையொப்பம், முத்திரையுடன் சான்றிதழ் தர வேண்டுகிறேன். அதே காலத்துக்கான ஸ்டேட்மெண்டும் முத்திரையிட்டுத் தரவும். கட்டணத்தை இக்கணக்கிலேயே பற்று வைத்துக்கொள்ளலாம்.

தேதிகளில் வருடத்தையும் சேர்த்து எழுதுங்கள். “விசா நோக்கத்துக்காக” என்று மொட்டையாக விடாமல் எந்த நாடு, என்ன விசா என்று போட்டால், பொதுப் படிவத்தை அச்சடித்துக் கையில் கொடுத்து அனுப்ப மாட்டார்கள்.

இசக்கி:
ரொம்ப நன்றி அண்ணாச்சி. ஒரு நாள் இருப்பு மட்டும்தான் எங்கள் படிவத்தில் அச்சாகும் என்று கிளார்க் முன்பே சொன்னார். அப்படிச் சொன்னால்? பவுண்டிலும் போடச் சொல்லணுமா?

அம்பை சங்கரன்:
ஒரு நாள் சான்றிதழ் மட்டும் இருந்தால் 28 நாள் நிரூபணம் ஆகாது. ஆனால் முத்திரையிட்ட ஸ்டேட்மெண்டில் ஒவ்வொரு வரவும் செலவும் தெரியும், அதுவே போதுமான ஆதாரம். இரண்டையும் சேர்த்துக் கொடுங்கள். கிளார்க்கோடு மல்லுக்கட்டவேண்டாம். பவுண்டு மதிப்பை விண்ணப்பிக்கும் நாளன்று oanda.com விகிதத்தில் அவர்களே பார்ப்பார்கள், வங்கி போட்டுத்தருவது அவர்களைக் கட்டாது. ரூபாய் இறங்கினால் 18 லட்சம் போதாமல் போகலாம். இன்றைய விகிதத்தில் ஒருமுறை கணக்குப் பாருங்கள். உங்கள் பிறப்புச் சான்றிதழும், பணத்தைப் பயன்படுத்த அப்பா எழுதித்தரும் சம்மதக் கடிதமும் தனியாக வேண்டும்.

கல்லிடை மணி:
அப்பா பெயரில் இருக்கிற எஃப்.டி.யைக் காட்டலாமே, நடவுக்கு எடுக்கிற தொல்லை வராதே.

அம்பை சங்கரன்:
வேண்டும்போது உடைக்க முடிகிற டெபாசிட் என்றால் காட்டலாம். அதை வங்கி எழுதித்தரட்டும். வரிச்சலுகைக்கான ஐந்து வருட டெபாசிட் ஆகாது, இடையில் எடுக்க முடியாது.

இசக்கி:
இன்னொன்று அண்ணாச்சி. பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் ஆங்கிலத்தில் ஒரு எழுத்து குறைகிறது, வங்கியில் சரியாக இருக்கிறது. கடிதத்தில் இரண்டையும் எழுதச் சொல்லலாமா?

அம்பை சங்கரன்:
வங்கி தன் பதிவில் உள்ள பெயரைத்தான் எழுதும், இரண்டாவது பெயர் போடாது. பிறப்புச் சான்றிதழைத் திருத்த நேரம் இருக்கிறதா?

பாளை லட்சுமி:
எங்க வீட்டில் இதுக்கு நோட்டரியிடம் பிரமாணப் பத்திரம் வாங்கினோம். உங்க விசாவுக்கு அது செல்லுமான்னு யாராவது சொல்லுங்க.